மூன்று லிட்டர் கிண்ணத்துக்கு எத்தனை மணி?

பாப்கார்ன் சோளத்தில் சுமார் 200 மணிகள் பொரிந்தால் ஒரு லிட்டர் பாத்திரம் நிறையும். பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் ஒரு படம் முடியும்வரை கொறிப்பதற்கு மூன்று லிட்டர் தாராளம். அதற்கு வேண்டியது 600 மணிகள், எடையில் 90 கிராம். பொரிக்கும் முன்பு அவ்வளவு சோளமும் ஒரு சிறிய காபி டம்ளரில் அடங்கிவிடும். இவ்வளவு கொஞ்சமா என்று நினைத்து இன்னொரு கை அள்ளிப் போடும்போதுதான் பாதி பொரிவதற்குள் மூடி மேலே எழும்புகிறது.

இந்தச் சோளம் கதிரோடு சுட்டுத் தின்னும் மக்காச்சோளத்தின் உறவுதான் என்றாலும் தனி வகை. இதன் மணி சிறியது, தோல் மிகக் கெட்டி. மற்ற மக்காச்சோளத்தைச் சூடாக்கினால் உள்ளே உருவாகும் நீராவி தோல் வழியே கசிந்து போய்விடும். மணி வறுபடும், பொரியாது. பாப்கார்ன் மணியின் தோல் அந்த நீராவியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல மணியின் எடையில் 13.5 முதல் 14 சதவீதம் வரை ஈரம் இருக்கும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி, உள்ளிருக்கும் மாவுச்சத்தை இளக்கிக் கூழாக்குகிறது. தோல் கிழியும் கட்டத்தில் மணிக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் ஒன்பது மடங்கு. தோல் கிழிந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, ஆவி விரிகிறது, இளகிய மாவு நுரையாகப் பொங்கி அந்த நொடியே ஆறி இறுகுகிறது. நாம் தின்பது அந்த இறுகிய நுரையைத்தான்.

எத்தனை மணி பொரியும் என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறது. எம்மானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடுப்பின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இதை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். 170 டிகிரி செல்சியஸில் மூன்றில் ஒரு பங்கு மணிகளே பொரிந்திருந்தன. 180 டிகிரியை எட்டியதும் கிட்டத்தட்ட எல்லாமே பொரிந்துவிட்டன. பத்து டிகிரிக்குள் இவ்வளவு வித்தியாசம். 600 மணி போட்டும் கிண்ணம் நிறையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடுப்பைத்தான்.

எத்தனை மடங்கு பெருகும் என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரி. ஒற்றை மணியை அதன் பொரியோடு ஒப்பிட்டால், பொரி கிண்ணத்தில் பிடிக்கும் இடம் மணியின் கன அளவைப் போல நாற்பது மடங்குக்கு மேல். கரண்டிக்குக் கரண்டி அளந்தால் முப்பது மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஏனென்றால் டம்ளரில் கிடக்கும் சோளத்திலும் மணிக்கு மணி இடைவெளி இருக்கிறது. டம்ளர் முழுக்கச் சோளம் மட்டும் இல்லை. பொரிக்கிண்ணத்திலோ காற்றுக்குத்தான் பெரிய பங்கு. இறகு விரித்ததுபோலக் கோணல்மாணலாகப் பொரிகிற வகை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிறைய இடத்தை அடைக்கும். காளான் குடைபோல உருண்டையாகப் பொரியும் வகையும் உண்டு. அது நெருங்கி உட்காரும், எளிதில் உடையாது. அதனால் சர்க்கரைப் பாகு பூசுகிறவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். வீட்டுக் கிண்ணத்தை நிரப்ப முதல் வகையே ஏற்றது.

வியாபாரத்தில் யாரும் மணியை எண்ணுவதில்லை. ஒரு கிராம் சோளம் எத்தனை கன சென்டிமீட்டர் பொரி தருகிறது என்றுதான் பார்ப்பார்கள். திரையரங்கு சோளத்தை எடைக்கு வாங்கிப் பொரியைக் கொள்ளளவுக்கு விற்கிறது. அதனால் அந்த ஓர் எண் கூடினால் லாபமும் கூடும். தேர்ந்த இயந்திரத்தில் நல்ல ரகம் கிராமுக்கு 40க்கு மேல் தரும். வீட்டு அடுப்பில் 35 வந்தாலே நன்றாகப் பொரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். 90 கிராமை 35ஆல் பெருக்கினால் 3,150 கன சென்டிமீட்டர். மூன்று லிட்டரும், கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே சிறு குவியலும் கிடைக்கும்.

மணிக்கணக்கை அப்படியே நம்ப முடியாமல் போவது மணியின் பருமனால். பெரிய மணி ரகத்தில் பத்து கிராமுக்கு 52 முதல் 67 மணிகள் இருக்கும். சிறிய மணி ரகத்தில் அதே பத்து கிராமுக்கு 76 முதல் 105 வரை இருக்கும். ஆகவே 90 கிராம் என்பது ஒரு பாக்கெட்டில் 540 மணியாகவும் இன்னொன்றில் 800 மணியாகவும் இருக்கலாம். மேலே சொன்ன 600, இவற்றில் ஓரளவு பெரிய மணிக்கான கணக்கு. வீட்டில் சமையல் தராசு இருந்தால் நூறு மணிகளை எண்ணி எடை பார்த்தால் போதும். 15 கிராம் காட்டினால் 600 என்ற கணக்கு அப்படியே பொருந்தும். 11 கிராம்தான் காட்டுகிறது என்றால் அதே கிண்ணத்துக்கு 800க்கு மேல் வேண்டும். தராசு இல்லாதவர்கள் கரண்டியால் அளக்கலாம். பருமன் எதுவானாலும் 15 மில்லி பிடிக்கும் பெரிய மேசைக்கரண்டி ஒன்றில் கிட்டத்தட்ட 12 கிராம் சோளம் இருக்கும். அது 400 மில்லிக்குச் சற்று மேல் பொரி தரும். ஏழரைக் கரண்டி போட்டால் மூன்று லிட்டர் வந்துவிடும்.

கிண்ணம் எத்தனை லிட்டர் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தவறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் நிரப்பிப் பார்ப்பதே சுலபம். வீட்டுக் கிண்ணம் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கிறது என்று தெரிந்தால், 2,500ஐ 35ஆல் வகுத்து 71 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். சித்தப்பா குடும்பமும் படம் பார்க்க வருகிறது, ஐந்து லிட்டர் வேண்டும் என்றால் 143 கிராம். இப்போது கேள்வி கிண்ணத்திலிருந்து பொரிக்கும் பாத்திரத்துக்கு நகர்கிறது.

பாத்திரத்தின் அடியில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். அந்த ஒரு அடுக்கு ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் சோளத்துக்குச் சமம். அது பொரிந்தால் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பும். பாத்திரம் அகலமானாலும் குறுகலானாலும் இந்த உயரம் மாறாது, ஏனென்றால் அடிப்பரப்பு கூடும்போது அதில் பரவும் மணிகளும் அதே விகிதத்தில் கூடுகின்றன. அதனால் பக்கங்கள் நேராக உள்ள எந்தப் பாத்திரத்திலும் அடியை ஒரே அடுக்காக மூடுகிற அளவு சோளம் போட்டு, உட்புற ஆழம் 12 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வராது. 20 சென்டிமீட்டர் அகல அடி உள்ள பாத்திரத்தில் ஒரு அடுக்கு என்பது நம் 90 கிராம், அதாவது மூன்று லிட்டர் பொரி. ஐந்து லிட்டர் வேண்டுமானால் இதே பாத்திரத்தில் இரண்டு தடவை பொரிக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் அடியிலுள்ள மணிகள் கருகும், மேலே கிடப்பவை சூடு போதாமல் மணியாகவே நின்றுவிடும்.

பல வீடுகளில் இதற்கு ஐந்து லிட்டர் குக்கரே பயன்படுகிறது. அடி கனமாக இருப்பதால் அது நல்ல தேர்வு. ஆனால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும். பாதுகாப்புக்காக மட்டும் அல்ல, பொரியின் தரத்துக்காகவும்தான். மணிகளிலிருந்து வெளியேறும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் பொரி அதை உறிஞ்சிச் சவசவ என்று ஆகிவிடும்.

சோளத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வேண்டும். 90 கிராமுக்கு இரண்டரை மேசைக்கரண்டி ஊற்றலாம். கடலை எண்ணெயோ சுத்திகரித்த தேங்காய் எண்ணெயோ இந்தச் சூட்டைத் தாங்கும். வெண்ணெய் இதில் கருகிவிடும். எண்ணெயில் மூன்று மணிகளை மட்டும் போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். மூன்றும் வெடித்ததும் எண்ணெய் பதமாகிவிட்டது என்று பொருள். அப்போது மீதிச் சோளத்தைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்துவிட்டு மறுபடி ஏற்றினால் எல்லா மணிகளும் ஒரே சீராகச் சூடேறி ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரியும். இடையிடையே பாத்திரத்தைக் குலுக்க வேண்டும். வெடிச்சத்தங்களுக்கு இடையே இரண்டு மூன்று நொடி இடைவெளி விழுந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். கடைசி மணிக்காகக் காத்திருந்தால் ஏற்கெனவே பொரிந்தவை தீயும்.

கிண்ணத்தில் கொட்டிய பிறகும் அளவு குறையலாம். பொரி வெறும் நுரை என்பதால் ஈரம் பட்ட இடத்தில் சுருங்கிவிடும். வெண்ணெயில் நீர் இருக்கிறது. நிறைய ஊற்றினால் கிண்ணம் கண்ணெதிரே இறங்கும். நீர் இல்லாத நெய் அவ்வளவு சுருக்காது. உப்பையும் மிளகாய்த்தூளையும் நைசாக அரைத்து, பொரி சூடாக இருக்கும்போதே தூவினால் ஒட்டிக்கொள்ளும்.

கிண்ணத்தின் அடியில் தங்கும் பொரியாத மணிகள் பாக்கெட்டின் நிலையைச் சொல்லிவிடும். 600இல் ஒரு முப்பது மிஞ்சினால் குறையில்லை. நூறு மிஞ்சியிருந்தால் மணிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறாமல் பளபளப்பாகவே இருந்தால் சூடு போதவில்லை. பழுப்பேறி, வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தால் சோளம் காய்ந்துவிட்டது. தோலைக் கிழிக்க ஆவி போதவில்லை. சில மணிகளில் தோல் கீறியிருக்கும், அவற்றை எதுவும் செய்ய முடியாது. காய்ந்துபோன பாக்கெட்டில் பொரிந்தவையும் சிறுத்தே இருக்கும், கிராமுக்கு 35க்குப் பதில் 24தான் வரும் என்றால் அதே மூன்று லிட்டருக்கு 125 கிராம் போட வேண்டியிருக்கும்.

காய்ந்த சோளத்தைத் தேற்றிவிடலாம். 250 கிராம் சோளத்தின் ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதை 13.5க்குக் கொண்டுவர நாலு கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் போதும். ஒரு டீஸ்பூன்கூட முழுதாக வேண்டாம். சோளத்தைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, அந்தத் தண்ணீரை விட்டு, இறுக மூடி, முதல் நாள் அவ்வப்போது குலுக்கிவிட்டு மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் தோல் ஊறித் தளர்ந்து, அழுத்தம் சேர்வதற்குள் கிழிந்துவிடும். பொரி சிறுத்து ரப்பர்போல இழுபடும். பிறகு 20 கிராமை மட்டும் தனியே பொரித்து அளவுக்குவளையில் கொட்டிப் பார்க்கலாம். 700 மில்லிக்கு அருகில் வந்தால் சோளம் தேறிவிட்டது. 500தான் வருகிறது என்றால் இன்னும் சில துளி விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மிச்சச் சோளத்தை அந்த ஜாடியிலேயே காற்றுப் புகாமல், அடுப்பு வெக்கை படாத அலமாரியில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. அங்குள்ள வறண்ட காற்று மணியின் ஈரத்தை மறுபடி இழுத்துவிடும்.