நூறு தடவைக்கு 350 நானோ செகண்ட்

இரவு பத்து மணிக்கு மேல் அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மாதிரித் தேர்வுப் புத்தகத்தின் ஒரு பக்கம். டியூப்லைட் வெளிச்சம் தாளின் நடுவில் பளிச்சென்று விழுந்திருந்தது, பக்கத்தின் அடிப்பகுதி படத்துக்குள் வரவில்லை. தெரிந்ததெல்லாம் மூன்று வரிசை கொண்ட ஒரு சின்ன அட்டவணையும் நான்கு விடைகளும்தான்.

அட்டவணையின் முதல் வரிசையில் எல்-1 கேஷ்: ஹிட் ரேட் 95 சதவீதம், தாமதம் 2 நானோ செகண்ட். அடுத்தது எல்-2 கேஷ்: 80 சதவீதம், 10 நானோ செகண்ட். கடைசியில் மெயின் மெமரி: 100 சதவீதம், 100 நானோ செகண்ட். சராசரியாக ஒரு தடவை மெமரியை அணுக எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. விடைகளாக 3.3, 3.5, 7.0, 109.9 ஆகிய நான்கும் கொடுக்கப்பட்டிருந்தன.

"மாமா, எனக்கு 109.9 வருது. ஃபிரெண்டுக்கு 3.3 வருது. ரெண்டுமே ஆப்ஷன்ல இருக்கு. எது சரி?"

இந்தக் கணக்கு கம்ப்யூட்டர் பாடத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் வருகிறது, கேட் தேர்விலும் இந்த வகைக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும். பெருக்கலும் கூட்டலும் தவிர இதில் வேறெதுவும் கிடையாது. ஆனாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் தடுக்கி விழுகிறார்கள். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எதைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்காமலே பெருக்க ஆரம்பித்துவிடுவதுதான் காரணம்.

பிராசஸரைச் சமையல் செய்கிற ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். கடுகோ சீரகமோ வேண்டுமென்றால் கை முதலில் அடுப்பின் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போகும். அதில் இல்லையென்றால் அலமாரியில் உள்ள டப்பாவைத் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைக்கு ஆள் போக வேண்டும். அஞ்சறைப் பெட்டிதான் எல்-1, அலமாரி எல்-2, கடை மெயின் மெமரி. தேடியது கிடைத்தால் ஹிட், கிடைக்காவிட்டால் மிஸ்.

பையனுக்கு 109.9 எப்படி வந்தது? ஒவ்வொரு வரிசையிலும் சதவீதத்தையும் நேரத்தையும் பெருக்கி, மூன்றையும் கூட்டியிருக்கிறான்: 1.9, 8, 100. இது தவறு என்று கண்டுபிடிக்கச் சூத்திரமே தேவையில்லை. சராசரி எடுக்கும்போது பங்குகளை எல்லாம் கூட்டினால் ஒன்றுதான் வர வேண்டும். இங்கே 0.95, 0.80, 1.00 ஆகியவற்றைக் கூட்டினால் 2.75 வருகிறது. நூறு தடவை சமைத்ததற்கு 275 தடவை கணக்கு எழுதியது போல. இன்னொரு சோதனையும் உண்டு. நூற்றுக்கு 95 தடவை 2 நானோ செகண்டிலேயே வேலை முடிந்துவிடுகிறது. அப்படியிருக்கச் சராசரி எப்படி 100-ஐத் தாண்டும்?

நான் அவனை நூறு தடவையாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். நூறு கோரிக்கைகளில் 95 எல்-1-லேயே கிடைத்துவிடுகின்றன. மிச்சம் 5. அந்த ஐந்தில் 80 சதவீதம், அதாவது 4, எல்-2-வில் கிடைக்கின்றன. மீதி ஒன்றே ஒன்று மெயின் மெமரிக்குப் போகிறது. 95, 4, 1 — கூட்டினால் நூறு. இனி நேரம். எல்-1-ல் கிடைத்த 95-க்கும் தலா 2, ஆக 190. எல்-2-வில் கிடைத்த நான்கும் முதலில் எல்-1-ஐப் பார்த்து ஏமாந்த பிறகு அங்கே போனவை. அதனால் தலா 2-ம் 10-ம் சேர்ந்து 12, மொத்தம் 48. கடைசி ஒன்று இரண்டு இடத்திலும் தேடிவிட்டுப் போனது, அதற்கு 112. மொத்தம் 350. நூறால் வகுத்தால் 3.5 நானோ செகண்ட்.

பாடப்புத்தகம் இதையே ஒரு வரியில் சொல்லும்:

```
AMAT = T1 + M1 × (T2 + M2 × Tm)
     = 2 + 0.05 × (10 + 0.20 × 100)
     = 3.5 ns
```

இதில் M என்பது மிஸ் ஆகும் விகிதம். அடைப்புக்குறிக்குள் வரும் 30-தான் எல்-1-ல் ஒரு தடவை கிடைக்காமல் போனால் கட்ட வேண்டிய சராசரி அபராதம். எல்-2 இல்லாமலே இருந்திருந்தால் அபராதம் முழுசாக 100, சராசரி 7.0. மூன்றாவது விடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கேள்வி தயாரிப்பவர்கள் மாணவர்கள் எங்கெல்லாம் தவறுவார்கள் என்று தெரிந்தே விடைகளை வைக்கிறார்கள். அதனால் "எனக்கு வந்த எண் ஆப்ஷனில் இருக்கிறது" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

350-ல் 112, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம், அந்த ஒற்றைக் கோரிக்கைக்கே போகிறது. இந்த வரியில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கலாம். பெரும்பாலும் உடனே கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கிடைக்காத அந்த ஒரு தடவை விழுங்கும் நேரம் அவ்வளவு பெரியது.

இப்போது அந்த 80-க்கு வருவோம். அதை ஐந்தில் 80 சதவீதமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். நூறில் 80 சதவீதமாக ஏன் எடுக்கக் கூடாது? இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். எல்-2-வின் கணக்கை இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. எல்-2 வரைக்கும் வந்த கோரிக்கைகளில் எத்தனை கிடைத்தன என்று சொன்னால் அது லோக்கல் விகிதம். பிராசஸர் கேட்ட மொத்தக் கோரிக்கைகளில் எத்தனை எல்-2-வைத் தாண்டிப் போயின என்று சொன்னால் அது குளோபல் விகிதம். அட்டவணையில் எது என்று எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் அது படத்துக்கு வெளியே போய்விட்டது.

ஆனால் இந்தக் கேள்வியில் எண்களே பதில் சொல்லிவிடுகின்றன. குளோபல் என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் 20 சதவீதம் எல்-2-வையும் தாண்டிப் போக வேண்டும். எல்-1-ஐத் தாண்டி வந்ததே 5 சதவீதம்தானே? அலமாரி வரைக்கும் போனது ஐந்து தடவை, அங்கே கிடைக்காமல் கடைக்குப் போனது இருபது தடவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே 80 என்பது லோக்கல்தான்.

எல்லாக் கேள்வியும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. எல்-2-வுக்கு 99 சதவீதம் என்று இருந்தால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். குளோபலாக எடுத்தால் நூறில் ஒன்று மெமரிக்குப் போகும், அதே 3.5 வரும். லோக்கலாக எடுத்தால் ஐந்தில் 99 சதவீதம் எல்-2-விலேயே முடிந்துவிடும், விடை 2.55 ஆகிவிடும். அந்த மாதிரி இடத்தில் கேள்வியின் சொற்களைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். எல்-2 அளவில் பெரியதாயிற்றே, அதன் ஹிட் ரேட் எல்-1-ஐ விடக் குறைவாக இருக்குமா என்று பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள். லோக்கலாக அளந்தால் குறைவாக இருப்பது சகஜம். அடிக்கடி வேண்டியதையெல்லாம் அஞ்சறைப் பெட்டியே கொடுத்துவிடுகிறது. அலமாரியைத் தேடி வருபவை எப்போதாவது வேண்டிய சரக்குகள் மட்டுமே.

நண்பனின் 3.3 தவறு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவன் 95-க்கு 2, நான்குக்கு 10, ஒன்றுக்கு 100 என்று எழுதியிருக்கிறான். 190-ம் 40-ம் 100-ம் சேர்ந்து 330. அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதே ஒரு கையால் அலமாரியையும் திறந்து, கடைக்கும் பையனை அனுப்பிவிட்டால் காத்திருக்கும் நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேராது. எல்லா மட்டத்திலும் ஒரே நேரத்தில் தேடும்படி அமைத்த இயந்திரத்துக்கு அந்தக் கணக்கு சரி. தாமதம் என்ற பத்தியில் உள்ள 10, எல்-2 தனியாக எடுக்கும் நேரமா அல்லது ஆரம்பத்திலிருந்து எண்ணிய மொத்த நேரமா என்பதும் இதே வித்தியாசம்தான். வழக்கமாக ஒன்றில் இல்லையென்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போவதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு விடையும் ஆப்ஷனில் இருக்கும்போது வழக்கத்தை நம்பிப் பதில் எழுத எனக்கு மனமில்லை. அடியில் வெட்டுப்பட்ட வரி தேவைப்பட்டது.

பளபளப்பு விழுந்த இடமும் உறுத்தியது. 95-ன் முதல் இலக்கம் 9-ஆ 8-ஆ என்று சந்தேகத்துக்கு இடமிருந்தது. அது 85 என்றால் விடை 6.5, கிட்டத்தட்ட இரு மடங்கு. எல்-2-வின் 80-ஐ 60 என்று தப்பாகப் படித்தால்கூட 4.5-தான் வரும். எல்-1-ன் ஹிட் ரேட்டில் ஒரு இலக்கம் மாறினால் மிஸ் எண்ணிக்கை 5-லிருந்து 15-க்குத் தாவிவிடுகிறது, அதன் பின்னால் வரும் எல்லாம் மூன்று மடங்காகிவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதானால் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். 6.5 விடைகளில் இல்லாததால் 95 என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சராசரி கேஷ் பிறந்தபோதே கூடப் பிறந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் எழுதிய சின்னக் கட்டுரையில், பத்து லட்சம் சொற்கள் கொள்ளும் மெதுவான மெமரிக்கு முன்னால் 32,000 சொற்கள் கொள்ளும் வேகமான மெமரியை வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அப்படி வைத்தால் நடைமுறையில் அணுகும் நேரம் மெதுவானதன் பக்கம் சாயாமல் வேகமானதன் பக்கமே நிற்கும் என்பது அவர் வாதம். 2-க்கும் 100-க்கும் நடுவே நம் கணக்கு 3.5-ல் நிற்பதைப் பாருங்கள், அவர் சொன்னது அதைத்தான். ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 மாடல் 85-ல் இதைச் செய்து 1968-ல் அறிவித்தது.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். இன்றைய பிராசஸர் கடைக்குப் போன ஆள் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. வேறு வேலை இருந்தால் அதைச் செய்யும், இன்னும் நாலு சாமானுக்குச் சேர்த்தே சொல்லியனுப்பும். அதனால் இந்தச் சராசரி பாதியாகக் குறைந்தால் புரோகிராம் ஓடும் நேரமும் பாதியாகிவிடும் என்று எண்ணக் கூடாது.

விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தை ஜன்னலோரம் வைத்து முழுசாக எடுத்து அனுப்பும்படி அவனிடம் சொன்னேன். காலையில் படம் வந்தது. எண் 95-தான். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு மட்டத்தில் மிஸ் ஆன பின்னரே அடுத்த மட்டம் அணுகப்படும்.

"அப்போ 3.5 தானே மாமா?" என்று கேட்டான். "ஆமாம்டா, ஃபிரெண்டுக்கும் அந்தக் கடைசி வரியைக் காட்டு" என்றேன்.