பில் மேசையின் ஓரத்தில் ஒரு சிறு ஸ்டாண்ட்: எவ்வளவு இடம், என்ன பொருள்?

ஊரில் சந்திக் கடைகளில் மேசைமேல் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். தோடம்பழ இனிப்பு, பல்லி முட்டாஸ், கச்சான் அல்வா. வாங்க வந்தவருக்கு அவை கண்ணில் படும். எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கை. அமெரிக்காவில் எம்மவர்கள் நடத்தும் பலசரக்குக் கடைகளிலும் பெற்றோல் நிலையக் கடைகளிலும் பில் மேசையோரம் வைக்கப்படும் ஸ்டாண்ட் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே எடுப்பது வாங்குபவரின் கை. பட்டியலில் எழுதி வராத ஒன்றை, காசு கட்டக் காத்திருக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் அவராகவே எடுக்க வேண்டும்.

இதனால் பலர் அழகான ஸ்டாண்டைத் தேடுவதிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மேசை. அதில் எந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்பதை முதலில் அறிந்தால், மீதி அளவுகள் தாமாகவே வந்துவிடும்.

தொடக் கூடாத பகுதி

மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. சட்டத்தின் 2010ஆம் ஆண்டு வடிவமைப்பு விதிகள், 2012 மார்ச் 15 முதல் புதிதாகக் கட்டப்படும் அல்லது மாற்றியமைக்கப்படும் கடைகளுக்குக் கட்டாயம். சக்கர நாற்காலி பக்கவாட்டில் வந்து நிற்கும் மேசையில், குறைந்தது 36 அங்குல நீளமுள்ள ஒரு பகுதி, நிலத்திலிருந்து 36 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் கட்டட விதி இன்னும் இறுக்கமானது. அங்கே அந்த உயரம் 34 அங்குலம்.

பல கடைகளில் தாழ்ந்த பகுதி சரியாகவே கட்டப்பட்டிருக்கும். சிக்கல் பிறகுதான் வருகிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் தினமும் வருவதில்லை. ஆகவே அந்த இடம் வெறுமையாகத் தெரியும். அதில் இனிப்புப் பெட்டி ஒன்று ஏறும், பிறகு ஒரு ஸ்டாண்ட் ஏறும். தாழ்ந்த பகுதி மேசையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும் என்பதால், "பின்பக்கம்தானே வைத்திருக்கிறோம்" என்ற சமாதானமும் செல்லாது. நாற்காலியில் வரும் வயதான அம்மா தன் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு காசு கொடுக்க நேர்கிறது.

பழைய கட்டடம் என்றும் தப்ப முடியாது. எளிதில் நீக்கக்கூடிய தடைகளை நீக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கான அரச விதியின் உதாரணப் பட்டியலிலேயே பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் ஸ்டாண்டை இடம் மாற்றுவது இருக்கிறது. கலிபோர்னியாவின் அன்ரூ சட்டத்தின்படி ஒரு மீறலுக்குக் குறைந்தபட்ச இழப்பீடு 4,000 டொலர். இரண்டு டொலர் பைகளால் அதை ஈடுசெய்ய எத்தனை மாதம் பிடிக்கும் என்பதைக் கடைக்காரரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஸ்டாண்டை நிலத்தில் நிறுத்தினாலும் நடைவழி 36 அங்குலம் குறையக் கூடாது. மேசை விளிம்பைத் தாண்டி நடைவழிக்குள் துருத்தும் எதுவும், அது நிலத்திலிருந்து 27 அங்குலத்துக்கு மேலே தொங்குகிறதென்றால், 4 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. பார்வையற்றவரின் கைத்தடி அதைக் கண்டுபிடிக்காது. உடம்புதான் போய் மோதும்.

ஒரு மேசையை அளந்து பார்ப்போம்

எட்டு அடி நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள மேசை என்று வைத்துக்கொள்வோம். மூன்று அடி தாழ்ந்த பகுதிக்குப் போய்விட்டது. மிச்சம் 42 அங்குல உயரத்தில் ஐந்து அடி, அதாவது 60 அங்குலம். பில் இயந்திரமும் ஸ்கேனரும் 24 அங்குலம் எடுக்கும். வாங்குபவர் கூடையை வைக்க 18 அங்குலம் வேண்டும். எமக்குக் கிடைப்பது 18 அங்குலம். அதில் 15 அங்குல அகலமான ஸ்டாண்ட் வசதியாக நிற்கும். அது இருக்க வேண்டிய இடம், கூடை வைக்கும் இடத்துக்கும் வரிசை வரும் பக்கத்துக்கும் நடுவே. காசு அட்டை இயந்திரத்தைத் தாண்டி வைத்தால், அட்டையைத் தட்டிய பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் பில் முடிந்துவிடும்.

எமது பண்டங்கள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்காத மெல்லிய பைகளில் வருபவை. அவற்றுக்குக் கொலுப்படி போன்ற மூன்று படி அமைப்பு பொருந்தும். ஒவ்வொரு படியும் 4 அங்குல ஆழம். முன்விளிம்புகள் மேசையிலிருந்து 2, 6, 10 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஐந்து அங்குல உயரப் பையை வைத்தால், முன்படிப் பை பின்படிப் பையில் ஓர் அங்குலத்தை மட்டுமே மறைக்கும். மொத்த உயரம் 15 அங்குலம். காசாளர் அதற்கு மேலால் கடையைப் பார்க்கலாம்.

படியின் பின்விளிம்பை முன்விளிம்பைவிட ஓர் அங்குலம் தாழ்த்தினால், பை சற்றுப் பின்னே சாய்ந்து நிற்கும். நின்று பார்ப்பவரின் கண் மேலிருந்து வருவதால் பெயர் நேராகத் தெரியும், பையும் முன்னால் சரியாது. முன்னே ஒரு தடுப்புப் பட்டி தேவை. அது ஓர் அங்குலம் போதும். அதைவிட உயர்ந்தால் பொருளின் பெயரும் நிறையும் மறைந்துவிடும். நான்கு அங்குல அகலப் பைகள் ஒரு படியில் மூன்று நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. ஆக மொத்தம் 27 பைகள். இதில் நாலைந்து வகைகளுக்கு மேல் வைக்க வேண்டாம். காத்திருப்பவருக்குத் தெரிவு செய்ய நேரமில்லை.

இத்தனை பைகளின் எடை ஒன்றரைக் கிலோதான் வரும். அதனால் ஸ்டாண்ட் தானே கனமாக இருக்க வேண்டும். அரை அங்குலப் பலகை நல்லது. மெல்லிய அக்ரிலிக் வாங்கினால் அடியில் கனமான தட்டு ஒன்று பொருத்த வேண்டும். முன்படிகள் காலியாகும்போது எடை முழுவதும் பின்னால் போய், ஸ்டாண்ட் காசாளர் பக்கம் கவிழப் பார்க்கும். ஆகவே அடித்தட்டைப் பின்னால் இரண்டு அங்குலம் நீட்டி, மூலைகளில் இறப்பர் ஒட்ட வேண்டும். சோதிக்கும் முறை எளியது. மேற்படியை மட்டும் நிரப்பி, உச்சியை ஒரு விரலால் முதலில் தள்ளி, பிறகு இழுத்துப் பாருங்கள். கால் மேலெழுந்தால் அடித்தட்டு போதாது.

எந்தப் பண்டம், எந்த மாநிலத்தில்

ஸ்டாண்டில் எதை வைக்கலாம் என்பதற்கே சட்டம் இயற்றிய நகரம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கிறது. பேர்க்லி நகரசபை 2020இல் நிறைவேற்றிய அந்தச் சட்டம், அமெரிக்காவில் முதலாவது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்பட்ட, 25 அடி நீளத்துக்கு உணவு அடுக்கியுள்ள கடைகளுக்கு அது பொருந்தும். பில் இயந்திரத்திலிருந்து மூன்று அடிக்குள்ளும், வரிசை நிற்கும் இடத்திலும் வைக்கும் உணவில், ஒரு பரிமாறலுக்குச் சேர்த்த சர்க்கரை 5 கிராமையும் சோடியம் 200 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. அதோடு பழம், மரக்கறி, கொட்டைகள், விதைகள், பருப்பு வகை, தயிர், சீஸ், முழுத்தானியம், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் போன்ற வகைகளுக்குள் அடங்க வேண்டும். அங்கே கச்சான் அல்வா மேசையோரம் நிற்க முடியாது. உப்புக் குறைந்த வறுத்த கச்சான் நிற்கலாம். அல்வாவை விற்பதற்குத் தடையில்லை, உள்ளே அடுக்கில் இருக்கலாம்.

நியூ ஜேர்சியிலும் டெக்சாஸிலும் மேசையோரப் பண்டத்தில் கவனிக்க வேண்டியது விற்பனை வரி. இரண்டு மாநிலங்களிலும் இனிப்புகளுக்கு வரி உண்டு. கலிபோர்னியாவில் இல்லை. டெக்சாஸில் கூடுதலாக ஒரு நுணுக்கம். வறுத்த கச்சானைப் பெரிய பையில் விற்றால் வரியில்லை. ஒருவருக்கான சிறு பையில் விற்றால் வரி உண்டு. ஒரு பரிமாறல் என்று அச்சிட்ட பையும், பரிமாறல் எண்ணிக்கை குறிக்காமல் 2.5 அவுன்ஸுக்குக் குறைந்த பையும் சிறு பையாகக் கொள்ளப்படும். ஸ்டாண்டில் நிற்பதெல்லாம் சிறு பைகள்தானே. பெரிய பைக்குரிய குறியீட்டையே பில் இயந்திரத்தில் சிறு பைக்கும் போட்டுவிட்டால், வாங்குபவரிடம் வாங்காத வரியைக் கணக்காய்வு வரும்போது கடைக்காரரே தன் காசில் கட்ட நேரும்.

மூன்று மாநிலங்களுக்கும் பொதுவானது லேபல். கடையில் சிறு பைகளாகக் கட்டிய எள்ளுருண்டையை வெறும் ஒளிபுகும் பையில் வைப்பது எம்மிடையே சாதாரணம். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒன்பது ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. கச்சான் முன்பிருந்தே பட்டியலில் உள்ளது. உள்ளே அடுக்கில் பொருள் தேடுபவர் லேபலைப் படிப்பார். மேசையோரம் எடுப்பவர் படிப்பதில்லை, பிள்ளை கேட்டால் உடனே பிரித்தும் கொடுப்பார். எனவே உள்ளடக்கம் பையில் தெளிவாக இருக்க வேண்டும். எள், கச்சான் என்ற சொற்கள் படியின் விலைச் சீட்டிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் இன்னும் நல்லது.

விற்றதா, இடம் மாறியதா

ஸ்டாண்ட் வைத்த பிறகு இரண்டு கிழமைக்குக் காலையும் இரவும் பைகளை எண்ணுங்கள். உதாரணமாக, 1,400 பில்லில் 84 பை விற்றது என்று வைப்போம். நூறு பில்லுக்கு ஆறு. ஒரு பையில் 79 சதம் மிஞ்சினால் இலாபம் 66 டொலர் என்று தோன்றும். ஆனால் அதே பண்டம் உள்ளே அடுக்கிலும் இருந்தால் அதையும் எண்ண வேண்டும். முன்பு இரண்டு கிழமையில் 70 பை போன இடத்தில் இப்போது 20 மட்டும் போனால், 50 பை வெறுமனே இடம் மாறியிருக்கிறது. உண்மையில் கூடியது 34 பை, இலாபம் 27 டொலர். அப்படியானால் உள்ளே தேடி வாங்கப்படும் பண்டத்தை உள்ளேயே விட்டுவிட்டு, யாரும் தேடி வராத ஒன்றை ஸ்டாண்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.