உங்கள் பிள்ளை பிந்தவில்லை

பள்ளிப் பாடகர் குழு நிகழ்ச்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாய், கணவர் பக்கம் சாய்ந்து, "என்னங்க, நம்ம பொண்ணு லேட்டா ஆரம்பிக்கிறாளே?" என்று பதறினார். கையில் நிகழ்ச்சிக் குறிப்பு இருந்தது. அதில் அந்தப் பாட்டு பிரெஞ்சு நாட்டுப்புறப் பாட்டு என்றும், மிகப் பழமையானது என்றும், உலகப் புகழ் பெற்றது என்றும் அச்சிட்டிருந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்ட ஒரே செய்தி மட்டும் இல்லை. மகள் பிந்தவில்லை, பிந்தித்தான் தொடங்க வேண்டும் என்பதே அது.

பாட்டு 'ஃப்ரேர் ஜாக்'. விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்க வேண்டிய துறவி தூங்கிப்போன கதை. மொத்தம் நான்கு வரி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒரு வரியை இருமுறை பாட எட்டு எண்ணிக்கை ஆகும். முதல் குழு எட்டு எண்ணி முடித்து இரண்டாம் வரிக்குப் போகும்போது, இரண்டாம் குழு முதல் வரியைத் தொடங்கும். அடுத்த எட்டில் மூன்றாம் குழு, அதற்கடுத்த எட்டில் நான்காம் குழு. அப்போது நான்கு வரிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஆனாலும் சந்தைக்கடைச் சத்தமாகாது. காரணம் எளியது: நான்கு வரிகளும் தொடங்கும் ஸ்வரங்கள் முறையே ச, க, ப, ச. நம் வீணையிலோ ஆர்மோனியத்திலோ இந்த மூன்றையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள், இனிமையாக இணையும். ஒரு குழு உண்மையிலேயே ஓர் எண்ணிக்கை தவறினால் க-வின் மேல் ம வந்து விழும் இடங்கள் உண்டு. அந்த உரசலைக் காது உடனே பிடித்துவிடும்.

குறிப்பை மறுமுறை எழுதும் வேலை என்னிடம் வந்தபோது இதை இப்படிச் சுருக்கினேன்: "நான்கு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். நான்காவது குழு நுழையும்வரை விரல்விட்டு எண்ணுங்கள். அதன்பின் உங்கள் பிள்ளையின் குரலை மட்டும் தேடாமல் நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்." பழமை, புகழ் இரண்டையும் வெட்டிவிட்டேன். யாரும் குறைப்படவில்லை.

இதைவிடச் சிக்கலானது 'ஆல்ட்டோ' பிள்ளைகளின் வீடு. ஆல்ட்டோ என்றால் கீழ்க்குரல். மெட்டு பெரும்பாலும் மேல்குரலான சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்ட்டோவுக்கு அதற்கு ஒத்துப்போகும் வேறு ஸ்வரங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் தனியாகப் பயிற்சி செய்தால், பாட்டைத் தெரிந்தவர்களுக்குத் தப்பான மெட்டாகவே கேட்கும். "சரியா பாடு கண்ணா" என்று திருத்தப் போகும் பாட்டி, மூன்று வார ஒத்திகையை ஒரே மாலையில் கலைத்துவிடுவார். ஒற்றை மெட்டும் சுருதியுமாக வளர்ந்த காதுக்கு இது புதிது என்பதால் பாட்டி மேல் குற்றமில்லை. குறிப்பில் ஒரே வரி போதும்: "கீழ்க்குரல் பிள்ளைகள் மெட்டைப் பாடவில்லை, மெட்டுக்கு அடியில் தரை போடுகிறார்கள்." இந்த வரி மட்டும் நிகழ்ச்சி நாளுக்குக் காத்திருக்காமல், ஒத்திகை தொடங்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடைசிப் பாட்டு 'சைலண்ட் நைட்'. இதற்கு மட்டும் வரலாறு சேர்த்தேன், ஏனென்றால் அது காதுக்கு உதவுகிறது. பாதிரியார் யோசப் மோர் 1816-இல் எழுதிய கவிதைக்கு, ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1818 டிசம்பர் 24 அன்று மெட்டமைத்தார். அன்றிரவே ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் தேவாலயத்தில் இருவரும் பாடினார்கள், மோர் கிட்டார் வாசித்தார். எலி ஆர்கனைக் கடித்துவிட்டதால்தான் கிட்டார் வந்தது என்று ஒரு கதை எல்லாக் குறிப்புகளிலும் ஓடும். அதற்கு ஆதாரமில்லை, விட்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் பியானோ கிடையாது, ஒரு மாணவன் கிட்டார்தான் வாசித்தான். வசதியில்லாமல் இப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்று நினைத்திருக்கக்கூடிய பெற்றோருக்கு, முதல் இரவிலும் இதே இரண்டு குரலும் கிட்டாரும்தான் என்று தெரிந்தது. "தாலாட்டுப் போல ஆடும் நடையைக் கவனியுங்கள், மேல்குரலுக்குக் கீழே இணைந்தே நகரும் இரண்டாம் குரலையும்" என்று முடித்தேன்.

பிறகு அச்சு. அரங்கில் விளக்கு மங்கல், ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பாட்டுக்கு நான்கைந்து வரிக்கு மேல் கூடாது. ஒரு பாட்டின் குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடவும் கூடாது. எங்கள் முதல் பிரதியில் அது ஓடியிருந்தது. தாலாட்டு மெல்ல இறங்கிய இடத்தில் இருநூறு தாள்கள் ஒன்றாகச் சரசரத்தன.