அடுப்பேறாமல் இறுகும் முட்டை

‘நூற்றாண்டு முட்டை’, ‘ஆயிரமாண்டு முட்டை’ என்றெல்லாம் பெயர் வாங்கிய சீனத்துப் பிடானுக்கு உண்மையான வயது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். ஓட்டை உரித்தால் வெள்ளைக்கரு கடுந்தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் துள்ளி நிமிர்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது. மஞ்சள்கருவோ கரும்பச்சை, நடுவில் குழைவு. கூடவே அமோனியா நெடி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர்கள் சீனர்களின் கஞ்சிக் கடைகளில் இதைப் பார்த்திருப்பார்கள். குதிரை மூத்திரத்தில் ஊறவைக்கிறார்கள் என்று ஒரு கதை உலவுவதற்கு அந்த நெடிதான் காரணம். ஊறுவது என்னவோ சுண்ணாம்பும் சாம்பலும் தரும் காரத்தில்.

பழைய முறையில் சுட்ட சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், உப்பு, தேயிலை வடிநீர், களிமண் எல்லாவற்றையும் சேறாகக் குழைத்து வாத்து முட்டைமேல் கனமாக அப்புவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க உமியில் புரட்டி, ஜாடியில் அடுக்கி மூடிவிடுவார்கள். சுண்ணாம்பும் சாம்பலில் உள்ள கார்பனேட்டும் ஈரத்தில் சேரும்போது, இரண்டையும்விட வீரியமான காரம் ஒன்று உருவாகும். அதுதான் ஓட்டுக்குள் இறங்குகிறது. இன்றைய தொழிற்கூடங்கள் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, காஸ்டிக் சோடாவையே நேரடியாகத் தண்ணீரில் கரைத்து முட்டைகளை அதில் அமிழ்த்துகின்றன.

10 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 450 கிராம் காஸ்டிக் சோடா, 400 கிராம் உப்பு, 250 கிராம் தேயிலையைக் கொதிக்கவைத்து இறக்கிய சாறு, மிகக் கொஞ்சமாக ஓர் உலோக உப்பு. (அந்த உலோகத்தின் கதை பின்னால் வருகிறது.) சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, சோடாமீது தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறித்துத் தோலையும் கண்ணையும் வெந்துபோகச் செய்யும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காரம் அதை அரித்துவிடும். கரைசல் நன்றாக ஆறிய பிறகே முட்டைகள் இறங்கும். அதற்கு முன் இரண்டிரண்டு முட்டைகளாக எடுத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை மாறிவிடும். அந்த முட்டை ஒதுக்கப்படும், ஏனென்றால் விரிசல் வழியாகக் காரம் வெள்ளமாகப் புகுந்துவிடும். பிறகு 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் நான்கைந்து வாரம்.

இந்த வாரங்களில் முட்டைக்குள் நடப்பதுதான் விநோதம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே காரம் கசிந்து இறங்குகிறது. முதல் சில நாட்களில் முட்டையை உடைத்துப் பார்த்தால், கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்போம். வெள்ளைக்கரு இறுகுவதற்குப் பதிலாகத் தண்ணீராக ஓடும். அதைக் கொழகொழப்பாகக் கட்டிவைத்திருந்த புரதப் பிணைப்பு காரத்தில் அவிழ்ந்துவிட்டது. ஒரு வாரம் போல ஆனதும், அதே தண்ணீர் ஓட்டின் பக்கமிருந்து உள்நோக்கி இறுகத் தொடங்குகிறது.

வெள்ளைக்கருவின் புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி. சாதாரணமாக வேகவைக்கும்போது சூட்டில் கண்டு பிரிகிறது. பிரிந்த நூல்கள் தாறுமாறாகத் திரண்டு முரட்டுக் கட்டிகளாகின்றன. அந்தக் கட்டிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அவித்த முட்டை வெள்ளையாகத் தெரிகிறது. காரத்திலும் கண்டு பிரியத்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் எதிர்மின்னேற்றம் பெற்றுவிடுவதால், பிரிந்த நூல்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அந்த விலக்கலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. முழுதாக ஒட்டவும் முடியாமல் முழுதாக விலகவும் முடியாமல், இழைகள் அங்கங்கே மட்டும் இணைந்து மிக மெல்லிய வலையாகின்றன. வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. இழைகள் மெல்லியவை என்பதால் ஒளி தடையின்றிக் கடந்துபோகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏற்கெனவே அவித்த வெள்ளைக்கருவையே காரத்தில் ஊறவைத்து, அதுவும் ஒளி ஊடுருவும் ஜெல்லியாக மாறுவதைக் காட்டினார்கள்.

கருமைக்கும் இந்த இறுகலுக்கும் சம்பந்தமில்லை. அது தனி வேலை, மெதுவாக நடப்பது. வெள்ளைக்கருவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகக் குளுக்கோஸ் இருக்கிறது. அது புரதத்தோடு சேர்ந்து பழுப்பு நிறமிகளை உண்டாக்குகிறது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே மெய்லார்ட் வினையால்தான். அங்கே அடுப்பின் சூடு செய்கிற வேலையை இங்கே காரம் அறை வெப்பத்திலேயே, வாரக்கணக்கில் செய்கிறது. தேயிலைச் சாறும் தன் பங்குக்கு நிறத்தைக் கூட்டுகிறது. மஞ்சள்கருவின் பச்சைக்குக் காரணம் வேறு: புரதத்திலிருந்து கந்தகம் சல்பைடாகப் பிரிந்து, அங்குள்ள இரும்போடு சேர்கிறது. அதிகநேரம் அவித்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியுமே, அதே பொருள்தான்.

சிக்கல் இதற்குப் பிறகு. காரம் ஜெல்லியோடு நின்றுவிடாது. மேலும் மேலும் ஏறினால் வலையின் இழைகளையே துண்டு துண்டாக அறுக்கும். ஜெல்லி மறுபடி தண்ணீராகும். இம்முறை ஆனால் மீளாது. ஆக, தண்ணீராகி, இறுகி, மீண்டும் தண்ணீராகப் போகிற ஒரு பொருளை நடுவழியில் நிறுத்திவைப்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. ஆரம்பத்தில் காரம் வேகமாக இறங்க வேண்டும், இறுகியதும் வரத்து அடைபட வேண்டும்.

அந்த அடைப்பைப் போடத்தான் உலோகம். முன்பு ஈய ஆக்சைடு சேர்த்தார்கள். முட்டைக்குள்ளிருந்து வரும் சல்பைடும் ஈயமும் சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாகி, ஓட்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும். வேலை கச்சிதம், ஆனால் ஈயம் நஞ்சு. இப்போது அதன் இடத்தில் துத்தநாக, தாமிர உப்புகள் வந்துவிட்டன. அவற்றிலும் உணவுத் தரம் என்று ஒன்று உண்டு. தொழிற்சாலைத் தரக் காப்பர் சல்பேட்டில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கலாம். மலிவு கருதி அதைப் பயன்படுத்தியது வெளிவந்ததால், 2013இல் ஜியாங்சி மாகாணத்தின் நான்சாங் பகுதியில் ஏறத்தாழ 30 பிடான் நிறுவனங்கள் மூடப்பட்டன. ‘ஈயமற்றது’ என்ற முத்திரைக்கும் ஈயம் துளியும் இல்லை என்று பொருளல்ல, அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்றே பொருள்.

பதம் பார்க்க உடைக்கத் தேவையில்லை. முட்டையைச் சில அங்குலம் தூக்கிப் போட்டு உள்ளங்கையில் பிடிப்பார்கள். பதமாக இருந்தால் உள்ளே ஒரு துள்ளல் கையில் தெரியும். காதருகே ஆட்டும்போது தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால், காரம் மிஞ்சிப் போய்விட்டது. பதமானவற்றைக் கழுவி, மண்ணோ மெழுகோ பூசி, இன்னும் சில வாரம் ஓய்வில் வைப்பார்கள். சில முட்டைகளின் ஜெல்லிமீது ஊசியிலைக் கிளை வடிவில் வெண்கோலம் படர்ந்திருக்கும். பூஞ்சணம் அல்ல, மக்னீசியம் ஹைட்ராக்சைடு படிகங்கள். சீனர்கள் இதை நல்ல முட்டைக்கு அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள்.

வாங்கியதை உரித்துக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் அமோனியா பெருமளவு பறந்துவிடும். தைவானில் குளிர்ந்த டோஃபுமேல் நறுக்கிப் போடுகிறார்கள். குவாங்டாங் பக்கம் பன்றிக்கறியோடு அரிசிக் கஞ்சியில் சேர்க்கிறார்கள். வெறுமனே சாப்பிடுபவர்கள் ஊறுகாய் இஞ்சியோ வினிகரோ தொட்டுக்கொள்வார்கள். மிஞ்சியிருக்கும் காரத்தைப் புளிப்பு முறித்துவிடும். ஓட்டின்மேல் கரும்புள்ளிகள் அடர்த்தியாக இருக்கிற முட்டையை மட்டும் வாங்காமல் விட்டுவிடுவது நல்லது. உலோகம் அதிகம் சேர்ந்திருப்பதன் தடயமாக அது இருக்கலாம்.