பழகிய போலிக்கு 99, புதிய போலிக்கு 49

ஒரு நிஜ முகம், ஒரு போலி முகம். இரண்டையும் ஒரு மென்பொருளிடம் கொடுத்து, எது போலி என்று கேட்கிறார்கள். நூறு ஜோடிகளில் 99-க்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறது. பிறகு போலியைத் தயாரித்த முறையை மட்டும் மாற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி நடத்துகிறார்கள். இப்போது நூற்றுக்கு 49. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும்.

இது மைக்ரோசாஃப்டின் ஆசிய ஆய்வுக்கூடத்தையும் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்கு. அவர்கள் சோதித்த மென்பொருள் சாதாரணமானதல்ல. டீப்ஃபேக் ஆய்வில் அப்போது எல்லோரும் அளவுகோலாக வைத்திருந்த ‘எக்ஸெப்ஷன்’ என்ற நரம்பு வலையமைப்பு அது. 99-லிருந்து 49-க்கு அது விழுந்தது எப்படி என்று புரிந்துகொண்டால், ‘டீப்ஃபேக்கைக் கண்டுபிடிக்கும் ஆப்’ என்று விளம்பரம் செய்யப்படும் எதையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வீடியோக்கள் ‘ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ் பிளஸ் பிளஸ்’ என்ற தொகுப்பில் உள்ளவை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019-ல் வெளியிட்டது. ஆயிரம் நிஜ வீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு வெவ்வேறு முறைகளில் போலியாக்கியிருந்தார்கள். அவற்றில் இரண்டு, ஒருவர் முகத்தை எடுத்து இன்னொருவர் மேல் வைக்கும் முகமாற்று முறைகள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மேலே சொன்ன சரிவின் காரணம் இருக்கிறது.

முதல் முறைக்குப் பெயரே ‘டீப்ஃபேக்ஸ்’. இதில் நரம்பு வலையமைப்பு இரண்டு பேரின் ஆயிரக்கணக்கான முகப் படங்களைப் பார்த்துப் பழகுகிறது. படத்தைச் சுருக்கிச் சாரமாக்கும் பகுதி இருவருக்கும் பொது. அந்தச் சாரத்திலிருந்து முகத்தைத் திரும்ப வரையும் பகுதி ஆளுக்கொன்று. முதலாமவரின் முகத்தைச் சுருக்கி, இரண்டாமவருக்கான பகுதியிடம் வரையக் கொடுத்தால், முதலாமவரின் அதே சிரிப்பும் அதே தலைச்சாய்வும் இரண்டாமவரின் முகத்தில் வரும். இந்த முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் வலையமைப்பு வரைந்தது. எந்தக் கேமராவும் அதைப் படம் பிடிக்கவில்லை. சிறிய அளவில் வரைந்து பெரிதாக்குவதால் தோல் வழவழப்பாக இருக்கும். பெரிதாக்கும் கணக்கின் சுவடு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒழுங்காகப் புள்ளிகளுக்கு நடுவே தங்கிவிடும்.

இரண்டாவது முறையின் பெயர் ‘ஃபேஸ்ஸ்வாப்’. இதில் நரம்பு வலையமைப்பு எதையும் வரைவதில்லை. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு முப்பரிமாண முக மாதிரியை அவற்றுக்குப் பொருத்துகிறது. மூல வீடியோவில் இருக்கும் தோலை அந்த மாதிரியின் மேல் போர்த்தி, அடுத்த ஆளின் முகத்துக்கு ஏற்ப இழுத்துப் பொருத்தி, நிறத்தைச் சரிசெய்து ஒட்டுகிறது. கணினி விளையாட்டு உருவங்களுக்குத் தோல் போர்த்துவது போன்ற வேலை. இங்கே தோல் நிஜத் தோல், கேமரா பிடித்தது. இழுவையும் ஒட்டுமே பொய்.

இப்போது டிடெக்டருக்குப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வீடியோவிலிருந்து முகத்தைச் சுற்றி வெட்டியெடுத்த படங்களை வரிசையாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ‘நிஜம்’ அல்லது ‘போலி’ என்று ஒரு சீட்டு. வேறு எந்த விளக்கமும் கிடையாது. எங்கே பார்க்க வேண்டும், போலி என்றால் என்ன என்று யாரும் அதற்குச் சொல்லித்தருவதில்லை. இரண்டு குவியல்களையும் பிரிக்க எந்த அடையாளம் எளிதாகக் கிடைக்கிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும். முதல் முறையின் போலிகளை மட்டுமே பார்த்து வளர்ந்த டிடெக்டருக்கு, வலையமைப்பு விட்டுச்சென்ற சுவடு போதும். அதைக்கொண்டே 99 வாங்கிவிடலாம். மதிப்பெண் வந்துவிட்டதால் ஒட்டு எங்கே, இழுவை எங்கே என்று அது தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அதனிடம் இரண்டாவது முறையின் போலியைக் கொடுத்தால், தேடும் சுவடு அந்தப் படத்தில் இருக்காது. நிஜத் தோலைப் பார்த்து ‘நிஜம்’ என்கிறது. தன் அளவில் அது சரியாகத்தான் சொல்கிறது!

தொகுப்பின் மற்றொரு முறையோடு ஒப்பிட்டால் இந்த விளக்கத்துக்கு வலு கூடுகிறது. ‘நியூரல் டெக்ஸ்சர்ஸ்’ என்ற அந்த முறை முகத்தை மாற்றுவதில்லை, வாயசைவை மட்டும் மாற்றுகிறது. ஆனால் அதுவும் நரம்பு வலையமைப்பு வரைவதுதான். அதில் பயிற்சி பெற்ற டிடெக்டர், ‘டீப்ஃபேக்ஸ்’ போலிகளைப் பார்த்ததே இல்லை என்றாலும் 93 வாங்கியது. ‘ஃபேஸ்ஸ்வாப்’ போலிகளில் அதே டிடெக்டருக்கு 48. முகமாற்று, வாயசைவு மாற்று என்று நாம் பிரிக்கும் பிரிவு அதற்குப் பொருட்டே இல்லை. எந்தக் கருவியின் கை பட்டது என்பதையே அது பார்க்கிறது. நான்காவது முறையான ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ இந்தக் கணக்குக்குள் அவ்வளவு சுத்தமாக அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதில் பயின்ற டிடெக்டர் ‘டீப்ஃபேக்ஸ்’ போலிகளில் 87 தாண்டியது, இத்தனைக்கும் அது வரைகலை முறை. சுவடுகள் ஒரே ஒரு வகை அல்ல, சில பொதுவாகவும் இருக்கின்றன.

அப்படியானால் நான்கு முறைகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். அதே 2020-ல், அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிவெய் லியூ குழுவினர் ‘செலெப் டிஎஃப்’ என்ற புதிய தொகுப்பை வெளியிட்டார்கள். பிரபலங்களின் 590 நிஜ வீடியோக்களும் அவற்றிலிருந்து செய்த 5,639 போலிகளும் அதில் உண்டு. அடிப்படை முறை பழைய ‘டீப்ஃபேக்ஸ்’ குடும்பம்தான். மெருகு மட்டும் புதியது. முன்பு பக்கத்துக்கு 64 அல்லது 128 புள்ளிகளாக வரைந்த முகத்தை 256 புள்ளிகளாக வரைந்தார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் நிறம் ஒட்டாமல் நிற்பதைச் சரிசெய்தார்கள். பிரேமுக்குப் பிரேம் முகம் துடிப்பதையும் அடக்கினார்கள். பழைய தொகுப்பில் 99.7 வாங்கிய எக்ஸெப்ஷன் இங்கே 48-க்கு வந்தது. சுருக்கப்பட்ட வீடியோக்களில் பயின்ற அதன் மற்றொரு வடிவம் 65 வரை தாக்குப்பிடித்தது. வேறு முறை கூட வேண்டியதில்லை, அதே முறையைக் கொஞ்சம் தேய்த்து மெருகேற்றினாலே டிடெக்டர் கற்ற அடையாளம் கரைந்துபோகிறது.

இதையெல்லாம் பெரிய அளவில் சோதித்தது ஃபேஸ்புக் நடத்திய போட்டி. 3,426 நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் படம் பிடித்து, பல முறைகளில் முகம் மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோத் துண்டுகளைத் தயாரித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். போட்டியாளர்கள் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிந்த பகுதியில் அதிகபட்சத் துல்லியம் 82.56 விழுக்காடு. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த, இணையத்தில் கிடைத்த வீடியோக்களும் கலந்த இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவருக்கே 65.18 விழுக்காடுதான். தரவரிசையும் தலைகீழாக மாறியது.

இந்தத் துறையில் உருப்படியான யோசனை ஒன்று, 49 என்ற எண்ணை வெளியிட்ட அதே பெய்ஜிங் ஆய்விலிருந்து வந்தது. முகத்தை எந்தக் கருவியில் செய்தாலும், கடைசியில் அதை இன்னொரு வீடியோவின் தலைக்குள் ஒட்டியாக வேண்டும். ஒட்டுக்கு உள்ளே ஒரு படத்தின் இரைச்சல், வெளியே வேறொரு படத்தின் இரைச்சல். ஒவ்வொரு கேமராவும் படத்தில் விடும் நுண்ணிய குருணைகள் அந்த எல்லையில் ஒத்துப்போகாது. ஆகவே கருவியைத் தேடாதே, எல்லையைத் தேடு என்றார்கள் அவர்கள். இதைக் கற்றுக்கொடுக்க டீப்ஃபேக்கே தேவைப்படவில்லை. இரண்டு நிஜப் படங்களை எடுத்து ஒன்றின் முகத்தை மற்றொன்றில் ஒட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 2022-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே படத்தின் நிறத்தையும் அளவையும் லேசாக மாற்றி, அதை அதன்மேலேயே ஒட்டினார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத அந்தப் படங்களில் பயின்ற டிடெக்டர், பார்த்தே இராத செலெப் டிஎஃப் தொகுப்பில் 93 எடுத்தது. 48-லிருந்து 93 என்பது சாதாரண ஏற்றம் அல்ல.

ஆனால் அதே டிடெக்டர் ஃபேஸ்புக் போட்டியின் வீடியோக்களில் 72-க்குப் பக்கத்தில் நின்றது. எல்லையைத் தேடும் முறைக்கு எல்லை இருந்தாக வேண்டும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் உருவாக்கும் இன்றைய மென்பொருள்களில் ஒட்டும் வேலையே இல்லை. முகம், கழுத்து, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. இன்னொரு சிக்கல் நம் கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை ஏற்றினால் கோப்பைச் சிறிதாக்க நுண்ணிய விவரங்கள் முதலில் வெட்டப்படும். கேமராக் குருணைகள் அதோடு போய்விடும். ஐந்து குழுக்கள் தாண்டி வந்த வீடியோவில் டிடெக்டர் நம்பியிருக்கும் சாட்சியம் பெரும்பாலும் அழிந்திருக்கும். மியூனிக் குழுவின் 2019-ம் ஆண்டுக் கணக்கிலேயே, சுருக்காத வீடியோவில் 99 விழுக்காட்டைத் தாண்டிய எக்ஸெப்ஷனின் துல்லியம், மிகவும் சுருக்கிய வீடியோவில் 81 விழுக்காடாகக் குறைந்தது. அதுவும் ஏற்கெனவே பழகிய முறைகளில்.

ஆய்வுக்கூடத் தொகுப்புகளை விட்டுவிட்டு, 2024-ல் சமூக ஊடகங்களில் உண்மையிலேயே சுற்றிய போலிகளைத் திரட்டியது ‘ட்ரூமீடியா’ என்ற அமெரிக்க அமைப்பு. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வீடியோ டிடெக்டர்களை அவற்றில் ஓட்டினார்கள். பழைய தொகுப்புகளில் வாங்கிய மதிப்பில் ஏறத்தாழ பாதியை அவை இழந்தன.

ஆகவே ஒரு டிடெக்டர் ‘போலி’ என்று சொல்வதும் ‘நிஜம்’ என்று சொல்வதும் ஒரே எடையுள்ள பதில்கள் அல்ல. முதலாவது, தெரிந்த ஒரு சுவடு கிடைத்தது என்கிறது. இரண்டாவது, தெரிந்த சுவடு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது, அவ்வளவுதான். ‘98 விழுக்காடு துல்லியம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்தத் தொகுப்பில் பயிற்சி, எந்தத் தொகுப்பில் தேர்வு என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணால், நாளை உங்கள் கைப்பேசிக்கு வரப்போகும் வீடியோவைப் பற்றி எதுவும் தெரியாது.

நம் பக்கத்தில் பெரிதாகப் பேசப்பட்ட முகமாற்று வீடியோ, நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதாக 2023 நவம்பரில் பரவியது. அதை அம்பலப்படுத்தியவர்கள் மூல வீடியோவைத் தேடிப் பிடித்தார்கள். வேறொரு பெண் அக்டோபரில் தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தது அது. போலி வீடியோவின் முதல் நொடியிலேயே, லிஃப்டின் வாசலில், அந்தப் பெண்ணின் சொந்த முகம் தெரிந்து ராஷ்மிகாவின் முகமாக மாறுவதைப் பார்க்க முடிந்தது. முகத்தின் புள்ளிகளை அலசாத இந்த வழி, எந்தக் கருவியில் போலி செய்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். மூலம் பொதுவெளியில் இருந்தால் மட்டுமே அது சாத்தியம் என்பது அதன் எல்லை. 2024-ல் இந்தியாவில் தொடங்கப்பட்ட டீப்ஃபேக் ஆய்வுப் பிரிவு, தனக்கு வரும் வீடியோவை ஒரே கருவியிடம் கொடுத்து முடித்துவிடுவதில்லை. பல கருவிகளில் ஓட்டி, மூலத்தைத் தேடி, தடயவியல் வல்லுநர்களின் கருத்தையும் கேட்டு, ஒவ்வொன்றும் என்ன சொன்னது என்று தனித்தனியாக அறிக்கையில் எழுதுகிறது.