எட்டு எழுத்தில் ஒளிந்த தண்ணீர்

நண்பர் ஒருவர் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். குறிப்பு என்று அதில் வாக்கியமே இல்லை. எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என எட்டு எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் 5. புதிர் ரசிகர்களிடையே பேர்போன பழைய குறிப்புதான்.

எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பயனில்லை. விடைக்கு ஐந்தே எழுத்து. அவை அகரவரிசை மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள். எச் முதல் ஓ வரை. அதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னால் 'எச் டு ஓ'. 'வரை' என்பதற்கான 'டு'வும் இரண்டைக் குறிக்கும் 'டூ'வும் ஆங்கிலக் காதுக்கு ஒன்றே. ஆக, H2O! விடை 'வாட்டர்'. தமிழில் எழுதினால் நான்கெழுத்து. கட்டங்களோ ஆங்கில எழுத்துக்கானவை, அதில் சரியாக ஐந்து.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. நீராவியும் H2O தான். அதற்கான 'ஸ்டீம்' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. ஆனால் இரு சொற்களிலும் எந்தக் கட்டத்திலும் ஒரே எழுத்து வராது. குறுக்கே ஓடும் ஒரு விடையைக் கண்டுபிடித்தாலே எது சரி என்று தெரிந்துவிடும். அதனால் படம் எடுக்கும்போது கட்டங்களையும் சேர்த்து எடுங்கள். ஓரத்தில் அந்த 'ஓ' வெட்டுப்பட்டால் புதிரே போச்சு.