பழைய சம்பளத்துக்குப் புது வரியா? அரியர்ஸ் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய 89-ஆம் பிரிவு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘அரியர்ஸ்’ புதிய சொல் அல்ல. பணி நியமன ஒப்புதல் தாமதமாகும், பதவி உயர்வு வழக்கில் நிற்கும், சம்பள நிர்ணயம் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். பல ஆண்டு கழித்து ஒரே நாளில் பணம் வங்கியில் விழும். அந்த மாதமே பெரிய தொகை வரியாகவும் பிடிக்கப்பட்டிருக்கும். தாமதம் செய்தது நிர்வாகம், தண்டம் கட்டுவது ஊழியர் என்ற இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் வருமான வரிச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு இருக்கிறது. அலுவலகங்களில் இன்றும் ‘எய்ட்டி நைன் ஒன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவை 2009 முதல் மூன்று தவணையாக வந்தபோது இதைப் பயன்படுத்தியவர்கள் பலர். இன்று அது கணினியில் செய்யும் வேலையாகிவிட்டது. பலர் பணத்தை இழப்பது அந்த இடத்தில்தான்.

நிலுவைச் சம்பளம், அது முன்பே வரிக்கு உட்படாமல் இருந்தால், கையில் வந்த ஆண்டின் வருமானமாகவே கணக்கிடப்படும். அதை மாற்ற வழியில்லை. ஆனால் அந்தப் பணம் உரிய ஆண்டிலேயே வந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்போம் என்று கணக்குப் போட்டு, இப்போது கூடுதலாகும் வரியிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதே நிவாரணம். பழைய ஆண்டுகளின் கணக்கை மறுபடி தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெயரும் தொகையும் கற்பனைதான், ஆனால் ஊரில் நடப்பதே. தென்காசியை அடுத்த ஓர் உதவிபெறும் பள்ளியில் 2018 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்தவர் செல்வி. 2020 ஏப்ரலிலிருந்துதான் அவருக்கு அரசு சம்பளம் கிடைத்தது. முதல் 18 மாதத்துக்கு நிர்வாகமும் எதுவும் தரவில்லை. வழக்கு முடிந்து மாதம் 40,000 வீதம் 7,20,000 ரூபாய் 2025-26 நிதியாண்டில் வந்தது. அந்த ஆண்டு அவருடைய வழக்கமான சம்பளம் 9,00,000.

நிலுவை வராமலிருந்தால் நிலையான கழிவு 75,000 போக 8,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு, ஆகவே வரி பூஜ்யம். நிலுவை சேர்ந்ததும் 15,45,000 ஆகிவிடுகிறது. தள்ளுபடி போய், செஸ் உட்பட வரி 1,16,220. ஆக, கூடுதல் வரி முழுவதும் நிலுவையால் வந்ததே. நிலுவை வாங்கியவர்களில் பலர் இன்று சிக்குவது இந்த 12 லட்சக் கோட்டைத் தாண்டும்போதுதான்.

இனிப் பழைய ஆண்டுகள். 2018-19-க்கு உரிய ஆறு மாதம் 2,40,000. வேறு வருமானம் இல்லாததால் அன்றைய 2,50,000 வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வரி இல்லை. 2019-20-க்கு 4,80,000. அந்த ஆண்டு அவர் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு எடுத்து, செலவு போக 1,60,000 சம்பாதித்திருந்தார். அதுவும் சேர்ந்தால் 6,40,000. ஐந்து லட்சம் வரை அன்று இருந்த தள்ளுபடி பறிபோய், வரி செஸ்ஸோடு 42,120. எனவே நிவாரணம் 1,16,220-லிருந்து 42,120 போக 74,100 ரூபாய். பயிற்சி மைய வருமானம் இல்லாமல் இருந்திருந்தால் முழுத் தொகையுமே நிவாரணமாகியிருக்கும். பழைய ஆண்டின் மற்ற வருமானத்தை மறைத்துக் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம்.

இதே கணக்கு சிலருக்குப் பலனே தராது. அந்த ஆண்டுகளிலும் 30 சதவீத வரி கட்டிய மூத்த பேராசிரியருக்கு நிவாரணம் பூஜ்யமாகவே வரலாம். நடப்பு நிதியாண்டின் சில மாதங்களுக்கே உரிய அகவிலைப்படி நிலுவைக்கும் கிடையாது. ஓய்வூதிய நிலுவைக்கும் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் உண்டு. போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ‘கழிவுதான் இல்லையே, இதுவும் இல்லை’ என்று நினைத்துக் கைவிடாதீர்கள்.

இனி ஏமாற்றம் நேரும் இடம். பிப்ரவரி சம்பளத்தில் வரி பிடிக்கும்போது, Form 10E படிவத்தைப் பூர்த்தி செய்து தலைமையாசிரியரிடமோ சம்பளம் வழங்கும் அலுவலரிடமோ கொடுத்துவிட்டால், அவரே நிவாரணம் தந்து வரியைக் குறைத்துப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. படிவம் 16-லும் நிவாரணம் பதிவாகிவிடும். வேலை முடிந்தது என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது முடியவில்லை. காகிதத்தில் கொடுத்தது அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும், பெங்களூருவில் கணக்கைச் சரிபார்க்கும் மையத்துக்குத் தெரியாது. வருமான வரித் தளத்தில் Form 10E தனியாகத் தாக்கலாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் 143(1) அறிவிப்பில் நிவாரணம் பூஜ்யமாகி, வட்டியோடு பாக்கி கேட்டு வரும்.

தாக்கல் செய்யும் வழி இது. incometax.gov.in தளத்தில் நுழைந்து e-File, Income Tax Forms, File Income Tax Forms என்று போய் Form 10E-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு என்பது பணம் வந்த நிதியாண்டுக்கு அடுத்தது. செல்விக்கு 2026-27. பணம் உரிய ஆண்டை இங்கே போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சம்பள நிலுவைக்கு Annexure I. அதிலுள்ள Table A-யில் ஒவ்வொரு பழைய ஆண்டின் மொத்த வருமானத்தையும் அந்த ஆண்டுக்குரிய நிலுவையையும் இட்டு, ஆதார் ஓடிபியால் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, அதிலுள்ள 89-ஆம் பிரிவு நிவாரண இடத்தில் அதே தொகையை எழுத வேண்டும்.

இதற்கு அடிப்படைத் தாள் ஒன்று வேண்டும். எந்த மாதத்துக்கு எவ்வளவு உரியது, எவ்வளவு பெற்றது என்று காட்டும் ‘டியூ டிரான்’ பட்டியல். மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் கடிதம் போதாது. 2019 நவம்பர் 22-க்கு முன் தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய காலத்து நிலுவைக்குப் பழைய ஒப்பளிப்பு ஆணைகளை அங்குள்ள அலுவலகத்தில் தேட நேரிடலாம். பணம் வந்த வாரத்திலேயே பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. எழுத்தர் மாறிய பிறகு அதைத் தேடி வாங்குவது பெரும்பாடு.

Form 10E போடாமலே கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால்? திருத்திய கணக்குக்கான கெடு முடியும் முன் படிவத்தைப் போட்டு, கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யலாம். 143(1) அறிவிப்பு வந்துவிட்டால் படிவத்தைப் போட்டபின் 154-ஆம் பிரிவின்கீழ் பிழைதிருத்த மனு தரலாம். அது நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. நிவாரணமே கோராமல் ஆண்டுகள் கடந்துவிட்டன என்றால், தாமதத்தை மன்னிக்கும்படி 119(2)(b) பிரிவின்கீழ் வருமான வரி ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். பணம் திரும்பப் பெறும் கோரிக்கையை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறது 2024 அக்டோபர் சுற்றறிக்கை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த நாள் முதல் கையில் வந்த நிலுவைக்கு இந்த நிவாரணம் அந்தச் சட்டத்தின்கீழ் தொடர்கிறது. பிரிவு எண் வேறு என்பதால், தளத்தில் அந்த ஆண்டுக்கு உரிய படிவம் எது என்று பார்த்தே தாக்கல் செய்யுங்கள். 2026 மார்ச் 31 வரை வந்த பணத்துக்கு மேலே சொன்ன வழியேதான்.